நிச்சயதார்த்தத்துக்கு முன் ஜோதிடருக்கு ஒரு கடிதம்

உல்லாஸ்நகரில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் ஒரு மாலை, தம் மகளின் ஜாதகத்துடன் என்னிடம் வந்தார். பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆயினும் கும்ப லக்னத்துக்கு எட்டாம் இடமாகிய கன்னியில் செவ்வாய் நிற்பதைக் கண்டு, தோஷ ஜாதகம் என்று தயங்கினார்கள். நிச்சயதார்த்தம் நின்றுவிடுமோ என்று பெரியவர் கலங்கினார்.

பெண் பிறந்தது 1997 ஜனவரி 19, காலை 8.35 மணிக்கு, இவ்வூர் ஆஸ்பத்திரியில். ஜாதகம் கணித்தவரோ திருநெல்வேலிச் சீமையிலுள்ள குடும்ப ஜோதிடர். ஜாதகத்தின் தலைப்பில் சூரிய உதயம் 6.40 என்றிருந்தது. அது திருநெல்வேலியின் உதயம். அன்று உல்லாஸ்நகரில் கதிரவன் எழுந்தது ஏறக்குறைய 7.14க்கு.

ஸ்டேஷன் கடிகாரம் நாடெங்கும் ஒரே மணியைத்தான் காட்டும். கதிரவன் அதைப் பார்த்து எழுவதில்லை. நம் ஊர் திருநெல்வேலிக்குச் சுமார் நாலரை பாகை மேற்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிஷமாகப் பதினெட்டு நிமிஷம் பிந்தும். வடக்கேயும் இருப்பதால், தை மாதத்தில் இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் கூடும்.

பிறந்த வேளையில் கீழ்வானில் எழும் இராசியே லக்னம். ஆதலின் அதுவும் இவ்வாறே பிந்தும். அன்று மகரம் முடிந்து கும்பம் எழுந்தது திருநெல்வேலியில் சுமார் 8.20க்கு, இங்கோ 8.49க்கு. எனவே 8.35க்கு இங்கே பிறந்த பெண்ணின் லக்னம் மகரம். மகரத்துக்குக் கன்னி ஒன்பதாம் இடம். செவ்வாய் தோஷத்துக்குரிய 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் அது சேராது. சந்திரன் நிற்கும் ரிஷபத்திலிருந்து எண்ணினாலும் ஐந்தாம் இடமே.

மூத்த ஜோதிடரிடம் இதை எவ்வாறு சொல்வது? இருவரும் அமர்ந்து எழுதினோம்.

“ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய அவா. தங்கள் கணிதத்தில் ஐயமுற்று இதை எழுதவில்லை. குழந்தை பிறந்த ஊர் உல்லாஸ்நகர் என்பதை அந்நாளில் தெளிவாகத் தெரிவிக்கத் தவறியது என் பிழை. இவ்வூரின் உதயத்தையும் இராசிமானத்தையும் கொண்டு லக்னத்தை மட்டும் மறுபடி பார்த்தருள வேண்டுகிறேன். ஆஸ்பத்திரிச் சான்றின் நகல் இத்துடன் உள்ளது. கும்பமே என்று முடிந்தாலும் ஏற்றுக்கொள்வேன். பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்க மாட்டேன்.”

கடைசி வரியைப் பெரியவரே வற்புறுத்திச் சேர்த்தார். வேண்டிய விடையைக் கேட்டு வாங்குவதாக ஜோதிடர் எண்ணிவிடக் கூடாது என்றார்.

சான்றின் நகலும் அவசியமானதே. குழந்தை பதினைந்து நிமிஷம் பிந்திப் பிறந்திருந்தால் நம் ஊரிலும் லக்னம் கும்பமாகிவிடும். “எட்டரை மணி இருக்கும்” என்ற வீட்டார் நினைவு இத்தகைய கணக்குக்குப் போதாது.

பத்து நாளில் பதில் வந்தது. மகர லக்னம் என்று திருத்திய ஜாதகத்துடன், பிள்ளை வீட்டாருக்கும் ஜோதிடரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். நிச்சயதார்த்தம் குறித்த நாளிலேயே நடந்தது.

மராட்டிய மண்ணில் பிறந்த பிள்ளைகளின் ஜாதகத்தை ஊரில் கணித்து வைத்துள்ள அன்பர்கள், அதன் தலைப்பில் எந்த ஊரின் உதயம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.