லீவுக்குக் கிளம்புமுன் ஒரு மெயில்

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு லீவுக்குத் தோதான மாதம் என்று ஒன்று கிடையாது. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனமென்றால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, கடைசியில் சம்பளம். தங்கை கல்யாணத்துக்காக 16 முதல் 23 வரை ஊருக்குப் போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

"தாராளமா போயிட்டு வாங்க" என்று மேலாளர் சொல்லியிருப்பார். லீவு விண்ணப்பமோ கணினியில் Pending என்றே கிடக்கும். சம்பளம் போடுபவர் பார்ப்பது அதைத்தான். எட்டு நாளும் சம்பளமில்லா விடுப்பாகிவிடும். Approved என்று மாறியதைக் கிளம்புமுன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பொறுப்பு. "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்த ஆள் சம்மதித்திருக்கவும் வேண்டும். 3பி விஷயத்தில் சம்மதம் மட்டும் போதாது. கணக்கை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஓடிபி மூலம் தாக்கல் செய்தால், அது அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் போனுக்கும் மெயிலுக்கும்தான் போகும். அவரே கல்யாண மண்டபத்தில் இருந்தால்? போனில் ஓடிபியைப் படித்துச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. நான் அதை ஏற்கமாட்டேன். பார்க்காத கணக்கில் கையெழுத்துப் போடுவது அது. பொறுப்பேற்பவரையும் கையொப்பதாரராக ஜிஎஸ்டி தளத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடலாம். கடைசி நாளுக்கு வைக்காமல், கிளம்பச் சில நாள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

மெயில் இப்படி இருக்கலாம்:

"16 முதல் 23 வரை எனக்கு லீவு ஒப்புதலாகிவிட்டது. 24 காலை வருவேன். 3பி தாக்கலைச் செல்வி பார்ப்பார். சரிபார்த்த கணக்கு அவரிடம் இருக்கிறது. சப்ளையர் பில்களை ரஹீம் பார்ப்பார். வரிப்பணம் போயும் ரிட்டர்ன் ஏறாவிட்டாலோ, பேங்க் கணக்கு முடங்கினாலோ செல்வி என் போனில் கூப்பிடலாம். 18-ஆம் தேதி முகூர்த்தம். அன்று மதியம் 2 மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். மற்றவை 24 வரை காத்திருக்கலாம்."

எது அவசரம் என்று சொல்லியிருப்பதையும், கூப்பிடுபவர் ஒருவர்தான் என்பதையும் கவனியுங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் "அந்த ஃபைல் எங்கே?" என்று ஆளுக்கொருவர் கூப்பிடுவார்கள்.

மேலாளர், பொறுப்பேற்பவர்கள், வெளியிலிருக்கும் ஆடிட்டர் அலுவலகம் மூன்றுக்கும் இது போக வேண்டும். ஆடிட்டரைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கும் போகும் தானியங்கிப் பதிலில் மட்டும் சொந்த போன் எண்ணோ ஊரோ வேண்டாம். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் போலி மெயில் அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படி எது வந்தாலும், ஏற்கெனவே கையிலிருக்கும் எண்ணில் சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாமென்று ரஹீமிடம் நேரிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.