மதிப்பெண் சரிவுக்குப் பின்னால் சாதி இருக்கும்போது: வகுப்பாசிரியருக்குப் பெற்றோர் எழுதும் மின்னஞ்சல்

2023 ஆகஸ்ட் 9 ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவர், தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த அவருடைய தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் அவருடன் பயின்ற ஆதிக்க சாதி மாணவர்கள். இந்த வன்கொடுமையைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய சில நாட்களைப் பற்றிப் பேசியது குறைவு. நன்றாகப் படித்துவந்த அந்த மாணவர், சக மாணவர்களின் தொடர் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினார். பள்ளியிலிருந்து விசாரித்தபோது காரணம் வெளிவந்தது. பள்ளியில் புகார் எழுதித் தரப்பட்டது. அந்தப் புகாரைத் தொடர்ந்தே தாக்குதல் நடந்தது.

பள்ளியில் கொடுக்கும் புகார் பிள்ளையைக் காப்பதும் உண்டு, ஆபத்தில் தள்ளுவதும் உண்டு என்பதை நாங்குநேரி காட்டியது. புகாரை எப்படி எழுதுகிறோம், பள்ளி அதை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே இரண்டில் எது நடக்கும் என்பது பெரிதும் அமைகிறது. சிதம்பரம் வட்டாரத்தில் இக்கடிதங்களைத் தட்டச்சு செய்யும் கைகள் பெரும்பாலும் பெற்றோருடையவை அல்ல. கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காளோ, தெருவில் உள்ள இயக்கத் தோழரோதான் எழுதித் தருகிறார்கள். எனவே இந்த விளக்கம் முதன்மையாக அவர்களுக்கானது.

சரிவை எப்படிப் படிப்பது

தலித் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிகள் மறுத்த காலத்தில், 1916 இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இன்று சேர்க்கை வெளிப்படையாக மறுக்கப்படுவதில்லை. ஒதுக்குதல் வகுப்பறைக்குள்ளும் பேருந்துக்குள்ளும் நடக்கிறது. பிள்ளை அதை வீட்டில் சொல்வது அரிது. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்றோ, அப்பா சண்டைக்குப் போய்விடுவார் என்றோ அஞ்சும். ஆகவே பல வீடுகளில் முதலில் தெரியவருவது மதிப்பெண் சரிவுதான்.

எல்லாச் சரிவும் துன்புறுத்தலால் வருவதில்லை. கணக்கில் மட்டும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், அடிப்படை விளங்காமல் போயிருக்கலாம். கரும்பலகையில் எழுதியதைப் பிழையாக எழுதிவந்தால் கண்பார்வையைச் சோதிக்க வேண்டும். ஒரே பருவத்தில், பல பாடங்களில் ஒருசேர, விடுப்பு நாட்களும் கூடிச் சரிவு வந்தால்தான் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரை மதிப்பெண் இரண்டாகப் பிரிகிறது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி மதிப்பீட்டிலும் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. செயல்பாடுகளைப் பல நேரம் மாணவர்கள் குழுவாகச் செய்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து பேருந்தில் சென்று எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி. முதல் பருவத்தில் அறிவியலில் செயல்பாட்டுக்கு 17, சிறு தேர்வுக்கு 17, தொகுத்தறியில் 45, மொத்தம் 79. இரண்டாம் பருவத்தில் செயல்பாடு 6, சிறு தேர்வு 13, தொகுத்தறி 41, மொத்தம் 60. பத்தொன்பது மதிப்பெண் போய்விட்டது என்று மட்டும் பார்த்தால் ‘படிக்கவில்லை’ என்ற முடிவுக்கு வருவோம். பிரித்துப் பார்த்தால் தனியே எழுதும் தொகுத்தறித் தேர்வில் குறைந்தது நான்குதான். குழுச் செயல்பாட்டில் பதினொன்று போயிருக்கிறது. பாடம் அவளுக்குத் தெரிகிறது. குழுவில் அவளுக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இதுவே சான்றாகிவிடாது, ஆனால் ஆசிரியரிடம் கேட்பதற்கு உறுதியான தொடக்கம்.

இதற்குப் பிறகே பிள்ளையிடம் பேச வேண்டும். ‘உன்னை யார் அடித்தது?’ என்று கேட்டால் பதில் வராது. ‘அறிவியல் செயல்பாட்டில் உன் குழுவில் யார் யார்?’, ‘மதிய உணவை யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?’, ‘பேருந்தில் எங்கே நிற்பாய்?’ என்று கேட்டால் நடந்தது மெல்ல வரும். சொல்வதை நாள், இடம், உடனிருந்தோர், சொல்லப்பட்ட சொற்கள் என்று ஒரு நோட்டில் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டு வீட்டில் இருக்கட்டும்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது

வாய்மொழியாகச் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று மறுக்கலாம். மின்னஞ்சலில் நாளும் நேரமும் பதிவாகின்றன. வகுப்பாசிரியருக்கு எழுதும்போதே தலைமையாசிரியருக்கு நகல் அனுப்புவது நல்லது. பொறுப்பு ஒருவரோடு நின்றுவிடாது. நம் எடுத்துக்காட்டில் அந்த மாணவியின் தந்தை இவ்வாறு எழுதலாம்:

> மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> என் மகள் தங்கள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். முதல் பருவத்தில் அறிவியலில் 79 பெற்றவள் இரண்டாம் பருவத்தில் 60 பெற்றிருக்கிறாள். செயல்பாட்டு மதிப்பெண் 17 இலிருந்து 6 ஆகக் குறைந்துள்ளது. மற்றப் பாடங்களிலும் இதே நிலை. முதல் பருவத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்தவள் இரண்டாம் பருவத்தில் ஏழு நாள் பள்ளிக்கு வரவில்லை.
>
> நவம்பர் மாதத்திலிருந்து சில மாணவர்கள் அவளைக் குழுவில் சேர்க்க மறுப்பதாகவும், சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசுவதாகவும் அவள் கூறுகிறாள். வகுப்பறையில் இருமுறையும் பேருந்தில் ஒருமுறையும் மற்ற மாணவர்கள் முன்னிலையில் இது நடந்துள்ளது. நாட்களையும் பெயர்களையும் குறித்து வைத்துள்ளேன். தங்களையும் தலைமையாசிரியரையும் நேரில் சந்திக்கும்போது தருகிறேன்.
>
> சந்திப்புக்கு முன் அவளை வகுப்பில் எழுப்பிக் கேட்கவோ, அந்த மாணவர்களோடு சேர்த்து நிறுத்தி விசாரிக்கவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். விசாரணை தொடங்கும் நாளை எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும். அன்று அவளை நானே அழைத்து வருவேன், அழைத்துச் செல்வேன்.
>
> செயல்பாட்டுக் குழுக்களைத் தாங்களே பிரித்து அமைக்கவும், தவறிய செயல்பாடுகளைச் செய்ய அவளுக்கு மறுவாய்ப்பு அளிக்கவும் வேண்டுகிறேன். மூன்று வேலை நாட்களுக்குள் சந்திக்க நேரம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, சாதி என்ற சொல் இருக்கிறது. பெற்றோர் பலர் அச்சத்தால் ‘சில பிள்ளைகள் தொந்தரவு செய்கிறார்கள்’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் பள்ளி அதைப் பிள்ளைகளின் சச்சரவாக எடுத்து, இரு தரப்பையும் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடும். பிறர் முன்னிலையில் என்ற குறிப்பும் தேவையானது. பொதுப்பார்வையில் உள்ள இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவதைத்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு குற்றம் என்கிறது.

இரண்டு, பெயர்கள் இல்லை. மின்னஞ்சல் யார் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. ஆசிரியர் ஒருவர் அதை அந்த மாணவர்களின் வீட்டாரிடம் காட்டினால், பள்ளி எதையும் செய்யும் முன்பே புகார் ஊருக்குள் போய்விடும். பெயர்களைத் தலைமையாசிரியர் முன்னிலையில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால், பெயர்களோடு இரண்டாவது கடிதம் தலைமையாசிரியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போக வேண்டும்.

மூன்று, விசாரிக்கும் முறையையும் நாளையும் பெற்றோரே கேட்கிறார். புகார் பற்றி மறுதரப்புக்குத் தெரியவரும் அந்த மாலைதான் ஆபத்து மிகுந்த நேரம். அன்று பிள்ளை தனியாகப் பேருந்தில் வரக் கூடாது. நாங்குநேரியில் ஆபத்து பள்ளியிலிருந்து வீட்டுக்கே வந்தது. ஆகவே தெருவில் உள்ளோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியின் கடமை, கடிதத்தின் எல்லை

‘மார்க் குறைந்ததற்கு நாங்கள் என்ன செய்வது?’ என்று பள்ளி சொன்னால் அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. அதன் 24 ஆவது பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாக வைக்கிறது. ஏழு நாள் விடுப்பையும் பாதிக்கு மேல் குறைந்த செயல்பாட்டு மதிப்பெண்ணையும் பெற்றோர் முதலில் சொல்ல வேண்டியிருந்ததே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் இத்தகைய புகார்களைக் கவனிக்க நல அலுவலர் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. பள்ளியைச் சந்திக்கும்போது இவற்றைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் பரிந்துரை வேறு, ஆணை வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

வகுப்பாசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் முதல் தகவல் அறிக்கை ஆகாது. அடி, காயம், மிரட்டல், பணம் பறித்தல் என்று போயிருந்தால் ஆசிரியரின் பதிலுக்குக் காத்திருக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, வன்கொடுமைகளுக்கான 14566 ஆகிய உதவி எண்களில் பேசலாம். துன்புறுத்தியவர்களும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லும். அதனால் குற்றம் இல்லாமல் போவதில்லை.

சந்திப்பு முடிந்த பிறகும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பேசிவிட்டோம், சரியாகிவிட்டது’ என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அடுத்த செயல்பாட்டு மதிப்பெண்ணையும் அந்த மாதத்தின் வருகையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பிள்ளை நாள்தோறும் பள்ளிக்குப் போய், 6 என்பது மறுபடி 15 ஐத் தொட்டால் மாற்றம் நடந்திருக்கிறது. ஏசுவது நின்றும் மதிப்பெண் ஏறவில்லை என்றால், ஒதுக்குதல் சத்தமில்லாமல் தொடர்கிறதா என்று அடுத்த கடிதத்தில் கேட்க வேண்டும்.

நாங்குநேரி மாணவர் கைகளில் அவ்வளவு வெட்டுக்காயங்களுக்குப் பிறகு, 2024 மே மாதம் வெளியான பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில் 600க்கு 469 பெற்றார். துன்புறுத்தலுக்கு அஞ்சிப் பள்ளிக்கு வராமல் இருந்தவரும் இதே மாணவர்தான்.