மேஜரா, சுபேதார் மேஜரா? பழைய படத்தில் சீருடையைப் படிக்கும் முறை

வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. அங்கே பல வீட்டுக் கூடங்களில் காக்கி உடுப்பில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். “எங்க தாத்தா மிலிட்டரியில மேஜரா இருந்தார்” என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அவர் எந்தப் படையில் இருந்தார், எந்தப் பதவி வகித்தார், படம் எப்போது எடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே விடை இருக்கிறது. ஆனால் தோளில் இருப்பதை மட்டும் எண்ணிப் பதவியைச் சொன்னால் தவறிப்போகும். ஒரே சின்னம் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பதவிகளைக் குறிக்கிறது.

இத்தகைய வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர வயதுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரு தோள்களிலும் ஒரே ஒரு சின்னம். அதற்குக் கீழே தோள்பட்டையைக் குறுக்காகக் கடக்கும் மெல்லிய துணிப் பட்டை. மார்பில் ஒரு வரிசை பதக்க ரிப்பன்கள். தொப்பியில் யானை பொறித்த முத்திரை. ‘மேஜர்’ என்பது குடும்பத்தார் வாக்கு.

முதலில் பார்க்க வேண்டியது, படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதை. ஸ்டூடியோக்களில் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிட்டுவிடுவது உண்டு. பதக்கங்களைச் சம்பாதித்தவர் அவற்றைத் தன் இடது மார்பில்தான் அணிவார். பார்க்கும் நமக்கு அது வலப்பக்கமாகத் தெரியும். ஆண்கள் சட்டையில் இடது பாதி வலது பாதியின் மேல் வந்து பொத்தான் போடப்படும். இந்த இரண்டும் தலைகீழாக இருந்தால் படம் புரண்டிருக்கிறது. பொத்தான் சரியாக இருந்து பதக்கம் மட்டும் வலது மார்பில் இருந்தால் வேறு கதை. இறந்துபோன தந்தையின் அல்லது கணவரின் பதக்கங்களைக் குடும்பத்தார் அணியும்போது வலது மார்பில்தான் குத்திக்கொள்வார்கள். நம் படத்தில் எல்லாம் முறைப்படி இருக்கின்றன.

அடுத்தது படை. இதற்குத் தொப்பி முத்திரையையும், தோள்பட்டையின் ஓரத்தில் கைப்பக்கமாக இருக்கும் பித்தளை எழுத்துகளையும் பார்க்க வேண்டும். நம் படத்திலுள்ள யானை, ‘அஸ்ஸாயி யானை’. 1803இல் தக்காணத்தில் நடந்த அஸ்ஸாயி போரில் காட்டிய வீரத்துக்காக மதராஸ் படைப் பிரிவுகளுக்குக் கிடைத்த அடையாளம் அது. கேடயத்தின் மேல் யானை, குறுக்கே இரண்டு வாள்கள் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸின் முத்திரை வேறு. அங்கே கடைநிலை வீரரைச் சிப்பாய் என்று சொல்வதில்லை; சாப்பர் என்பார்கள். படையைத் தெரிந்துகொள்ளாமல் பதவிக்குப் போகக்கூடாது. தரைப்படையில் கேப்டன் என்பவர் தோளில் மூன்று நட்சத்திரம் அணியும் இளம் அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்பவர் தரைப்படைக் கர்னலுக்குச் சமமான மூத்த அதிகாரி. கடற்படை அதிகாரியின் தோளில் நட்சத்திரத்துக்குப் பதிலாகத் தங்கநிறக் கோடுகள் இருக்கும். மேல் கோட்டில் ஒரு வளையம் சுழன்றிருக்கும்.

இப்போது தோளுக்கு வரலாம். அந்த ஒற்றைச் சின்னம் கிரீடமா, சிங்கமா? இதைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் படத்தின் காலம் கிடைத்துவிடும். பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கே கிரீடம் இருந்தது. 1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசானபோது கிரீடம் போய், அசோகரின் சிங்க முகத்தூண் வந்தது. படம் மங்கலாக இருந்தாலும் உருவக்கோட்டை வைத்துப் பிரித்துவிடலாம். கிரீடம் அகலமாக, மேலே கவிந்த வளைவுகளோடு, உச்சியில் சிறு சிலுவையோடு இருக்கும். சிங்கச் சின்னம் அகலம் குறைந்து உயரமாக நிற்கும். இந்தக் கணக்கு இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும். பாகிஸ்தான் 1956இல்தான் குடியரசானது, இலங்கை 1972இல்தான். அந்நாட்டுப் படைவீரர் படத்தில் கிரீடம் இருக்கிறது என்பதாலேயே அதை 1950க்கு முன்னால் தள்ளிவிடக்கூடாது.

நம் படத்தில் இருப்பது உயரமான உருவம், சிங்கம்தான். ஆகவே படம் 1950க்குப் பிந்தியது. சிங்கம் ஒன்று மட்டும் தோளில் இருந்தால் அவர் மேஜர். குடும்பத்தார் சொல்வது சரிதான் என்று இங்கேயே நின்றுவிடத் தோன்றும். கீழே இருக்கும் துணிப் பட்டை நம்மை நிறுத்துகிறது.

இந்திய ராணுவத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் ஆகியோர் முதல் அடுக்கு. இவர்களில் சிப்பாய்க்குப் பதவிக்கோடு கிடையாது. மற்றவர்கள் மேல்கையில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று கோடுகள் அணிவார்கள். மேல் அடுக்கில் லெஃப்டினென்ட் முதல் ஜெனரல் வரையிலான அதிகாரிகள். இடையில் இருப்பவர்கள் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை ஆணை அதிகாரிகள்: நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். பிரிட்டிஷ் காலத்தில் இவர்களை வைஸ்ராய் ஆணை பெற்ற அதிகாரிகள் என்றார்கள். 1965 வரை நாயப் சுபேதாரின் பெயர் ஜமேதார்.

குழப்பம் பிறப்பது இந்த நடு அடுக்கில்தான். நாயப் சுபேதாருக்கு ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்குச் சிங்கச் சின்னம். சுபேதாரைப் போலவே லெஃப்டினென்ட்டுக்கும் இரண்டு நட்சத்திரம்தான். சுபேதார் மேஜரைப் போலவே மேஜருக்கும் சிங்கம்தான். இரண்டையும் பிரிப்பது அந்தக் குறுக்குப் பட்டை ஒன்றே. சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடாக ஓடும் அந்தப் பட்டை இருந்தால் அவர் ஜே.சி.ஓ.; இல்லாவிட்டால் மேல் அடுக்கு அதிகாரி. ஆகவே நம் படத்தில் இருப்பவர் சுபேதார் மேஜர்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்தப் பட்டை எளிதில் ஏமாற்றும். நல்ல ஃபிலிமில் அதன் நடுவே வெளிறிய கோடு தெரியும். ஆனால் பழைய ஃபிலிம் வகை ஒன்று சிவப்பு நிறத்தை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும், மஞ்சளும் இருண்டுபோகும். அப்போது பட்டை காக்கித் துணியின் மடிப்பைப்போலத் தோன்றி மறைந்துவிடும். அதனால் அச்சுப் படத்தைக் குறைந்தது 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, இரு தோள்களையும் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தோளில் நிழல் விழுந்திருந்தாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். பிரிட்டிஷ் காலப் படமாக இருந்தால் பட்டை இல்லை என்பதை மட்டும் வைத்து மேஜர் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்நாளில் சுபேதார் மேஜரும் கிரீடம் அணிந்தார், மேஜரும் கிரீடம் அணிந்தார்.

மார்பு ரிப்பன்கள் இந்த முடிவுக்குச் சாட்சி சேர்க்கும். காவி, வெள்ளை, பச்சை என மூன்று சம அகலக் கோடுகள் கொண்டது இந்திய விடுதலைப் பதக்கத்தின் ரிப்பன். நடுவில் பளிச்சென்று வெள்ளை தெரியும். அது இருந்தால் 1947இல் அவர் பணியில் இருந்திருக்கிறார். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்ற மூன்று சம கோடுகள் ‘1939-45 ஸ்டார்’ என்னும் இரண்டாம் உலகப்போர்ப் பதக்கத்துக்கு உரியவை. இரண்டும் இருந்தால், வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்து, போரில் பணியாற்றி, குடியரசுக்குப் பிறகும் நீடித்தவர் என்று அவர் வாழ்க்கையின் கோடு துலங்கிவிடும்.

கைக் கோடுகளிலும் ஒரு கவனம் வேண்டும். பதவிக்கோடு முழங்கைக்கு மேலே, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும். பழைய படங்களில் முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கமாக, சிறிய கோடுகள் கூர்முனை மேல்நோக்கித் தைக்கப்பட்டிருக்கும். அவை நன்னடத்தையையோ போர்க்காலப் பணியாண்டுகளையோ குறிப்பவை. கீழ்க்கையில் மூன்று கோட்டைப் பார்த்து ஹவில்தார் என்று எழுதிவிட்டால், நெடுநாள் பணியாற்றிய ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு அவர் வகிக்காத பதவியைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பட்டை சொல்லும் இதே இலக்கணம் காவல்துறையிலும் உண்டு. மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே சிவப்பும் நீலமுமான பட்டை இருந்தால் இன்ஸ்பெக்டர். அதே மூன்று நட்சத்திரம் பட்டையில்லாமல் இருந்தால் டி.எஸ்.பி. இரண்டு நட்சத்திரமும் பட்டையும் சப்-இன்ஸ்பெக்டருடையவை. சிங்கமும் கீழே ஒரு நட்சத்திரமும் எஸ்.பி.யைக் குறிக்கும்; ராணுவத்தில் அதுவே லெஃப்டினென்ட் கர்னல். இரண்டு துறையும் காக்கி அணிந்திருந்த காலத்துப் படங்களில், பித்தளை எழுத்துகளையும் தொப்பி முத்திரையையும் பார்த்த பிறகே நட்சத்திரங்களை எண்ண வேண்டும்.

நம் சுபேதார் மேஜரின் வீட்டில் இன்னொரு படமும் இருக்கக்கூடும். முகத்தில் வயது கூடியிருக்கும். தோளில் சிங்கம் இருக்காது. பட்டையில்லாத மூன்று நட்சத்திரம் இருக்கும். பதவி இறங்கிவிட்டாரோ என்று குடும்பத்தார் கலங்க வேண்டியதில்லை. நீண்டகாலம் சிறப்பாகப் பணியாற்றிய ஜே.சி.ஓ.க்களுக்கு, ஓய்வுபெறும் காலத்தை ஒட்டிக் கௌரவ லெஃப்டினென்ட், கௌரவ கேப்டன் பதவிகள் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் வழங்கப்படுகின்றன. சிங்கம் போய் மூன்று நட்சத்திரம் வந்தது, அவர் கௌரவ கேப்டனாக உயர்ந்ததற்கு அடையாளம்.

மேஜர் அல்ல, சுபேதார் மேஜர் என்று தெரிந்ததில் தாத்தாவின் பெருமை குறைந்துவிடவில்லை. மேஜர் பதவியை ஒரு பட்டாலியனில் ஒரே நேரத்தில் பலர் வகிப்பார்கள். சுபேதார் மேஜர் ஒருவர்தான். சிப்பாயாகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர் அவர். சிப்பாய்களின் குறைகளைக் கட்டளை அதிகாரியிடம் நேரே எடுத்துச் சொல்லும் இடத்தில் இருந்தவர். எண்ணூறு பேர் இருக்கும் ஒரு படைப்பிரிவில் அந்த ஒற்றை நாற்காலிக்கு வந்து சேர ஒரு வாழ்நாள் உழைப்பு தேவைப்பட்டது.

படம் சொல்வது, அது எடுக்கப்பட்ட நாளில் அவர் வகித்த பதவியை மட்டும்தான். முழுக் கதைக்கு ஆவணம் வேண்டும். டிஸ்சார்ஜ் சர்ட்டிஃபிகேட், பென்ஷன் ஆணை, பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண் ஆகியவற்றில் ஒன்றிலாவது அவருடைய படை எண் இருக்கும். அந்த எண்ணோடு மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்காரர் என்றால் நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர் என்றால் பெங்களூரிலும் உள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். அதுவரை படத்தைச் சட்டத்துக்கு ஏற்ப வெட்டாதீர்கள். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயர், படை எண், ஊர் மூன்றையும் எழுதி வையுங்கள். அவரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால், படத்தோடு போய் இன்றே கேட்டு எழுதிவிடுங்கள்.