சரக்கு மாறி வந்தால்

ஒரு இஞ்ச் குழாய் 40 கேட்ட ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்ச் குழாய் வந்து இறங்குகிறது. லாரிக்காரர் அவசரப்படுத்துவார். ஆனாலும் டெலிவரி சலானில் ‘அளவு மாறியுள்ளது’ என்று எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். அன்றே சப்ளையருக்குப் பில் எண், கேட்ட அளவு, வந்த அளவு, குழாயில் அச்சிட்ட அளவு தெரியும் படம் ஆகியவற்றை அனுப்பி, ‘இதை ஏற்கவில்லை, சரியானதை இறக்கும் வண்டியிலேயே எடுத்துச் செல்லுங்கள்’ என எழுதலாம். போனில் மட்டும் சொன்னதைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முறையாக மறுத்த சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாங்கியவர் வேலையல்ல. மறுத்ததைத் தெரிவித்தால் போதும். ஆனால் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, அதிலிருந்து நாலு குழாயை விற்றாலோ, ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். வண்டி வரும்வரை தனியே அடுக்கி வையுங்கள். ஏற்றியதும் எண்ணிக்கையுடன் கையெழுத்து வாங்குங்கள்.