150 சதவீதம் லாபம், கையில் நட்டம்

மீஞ்சூர் ஒன்றியத்தின் ஏரிக்கரை ஊர்களில் நிலம் கேட்டு வருபவர்களும் பங்குப் பணம் கேட்டு வருபவர்களும் ஒரு சதவீதத்தைச் சொல்லாமல் போவதில்லை. திட்ட அறிக்கையில் அதற்கு ‘உள் ஈட்டு விகிதம்’ என்று பெயர், வங்கிக்காரர்கள் ஐ.ஆர்.ஆர். என்பார்கள். ஒரு திட்டத்தில் போடும் பணமும் அதிலிருந்து வரும் பணமும் எந்த வட்டி விகிதத்தில் சரிக்குச் சரியாக நேராகின்றனவோ, அந்த விகிதம்தான் அது. வங்கி வட்டி 12 சதவீதமாக இருந்து திட்டத்தின் விகிதம் 30 ஆக இருந்தால் துணிந்து இறங்கலாம் என்பது பொது விதி. பல நேரம் இந்த விதி சரியாகவே வேலை செய்யும். எங்கே காலை வாரிவிடுகிறது என்பதைப் பழவேற்காட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் இந்த ஏரிக்கே அப்படி ஒரு பழைய வழக்கு உண்டு.

இறால் பண்ணையை எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். ஏரியோரம் குளம் வெட்ட, குஞ்சு விட, தீவனம் போட இந்த ஆண்டு 10 லட்சம் ரூபாய் செலவு. அடுத்த ஆண்டு அறுவடையில் 25 லட்சம் வருகிறது. அறிக்கை இதோடு முடிந்தால் ஐ.ஆர்.ஆர். 150 சதவீதம். எந்த ஊர்க்கூட்டத்திலும் கைதட்டு வாங்கும் எண் இது.

ஆனால் பண்ணை இதோடு முடிவதில்லை. வெண்புள்ளி நோய் வந்தோ மண் கெட்டோ குளம் கைவிடப்படும்போது உப்பேறிய நிலத்தைச் சீராக்க வேண்டும், கழிவுச் சேற்றை அள்ள வேண்டும், குடிநீர்க் கிணறு போனவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டாம் ஆண்டில் 15 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது என்று வையுங்கள். இப்போது மறுபடி ஐ.ஆர்.ஆர். போட்டால் விடை ஒன்றல்ல, இரண்டு: 20 சதவீதம், 30 சதவீதம். இரண்டும் கணக்குப்படி சரி. இரண்டுமே வங்கி வட்டியைவிட அதிகம். ஆகவே விதிப்படி திட்டம் நல்ல திட்டம்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கையை விட்டுப் போனது மொத்தம் 25 லட்சத்து 60 ஆயிரம். வந்தது 25 லட்சம். வட்டியே பார்க்காமல் 60 ஆயிரம் நட்டம். 12 சதவீத வட்டிக்கு எல்லாத் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும் (இதை நிகர நிகழ்கால மதிப்பு என்பார்கள்) சுமார் 11,500 ரூபாய் நட்டம்தான். நட்டத் திட்டத்துக்கு 30 சதவீதம் என்று சான்று கிடைத்தது எப்படி?

காரணம் பணம் போகும் திசை. முதலில் செலவு, அப்புறம் வரவு மட்டுமே என்று இருந்தால் ஐ.ஆர்.ஆர். ஒன்றே ஒன்றுதான் வரும், அதை நம்பலாம். செலவு, வரவு, மறுபடி பெரிய செலவு என்று திசை இரண்டு முறை மாறினால் இரண்டு விடை வரலாம். சில சமயம் விடையே வராது. கடைசியில் மூடுவிழாச் செலவு உள்ள எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு: சுரங்கம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை, இறால் குளம். கணினியில் எக்செல் விரிதாளின் `IRR` கட்டளை இரண்டு விடை இருப்பதாகச் சொல்லாது. ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

நடைமுறையில் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. மூன்றாவது தொகையை அறிக்கையில் எழுதாமலே விட்டுவிடுவது. அப்போது அந்தச் செலவு இல்லாமல் போகாது. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் தலையிலும், பாடு முறைப்படி தன் முறைக்காகக் காத்திருந்து வலை போடுபவர் தலையிலும் விழும்.

1990களில் நடந்தது இதுதான். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு அந்த வழக்கில் வந்தது. தமிழ்நாட்டில் கடலோர இறால் பண்ணைகளின் ஆண்டு வருமானம் 280 கோடி ரூபாய், அவற்றால் சூழலுக்கும் மக்களின் பிழைப்புக்கும் ஏற்படும் சேதம் 423 கோடி என்றது அது. ஒவ்வொரு பண்ணையும் தனித்தனியே லாபம் காட்டியிருக்கலாம், கரை முழுவதும் சேர்ந்தால் நட்டம். பழவேற்காடு ஏரியிலிருந்தும் சிலிகா ஏரியிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றும், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு மறுஆய்வு மனுக்களால் அமலாக்கம் நின்றுபோய், 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இன்று இறால் பண்ணைக்கு அந்த ஆணையத்தின் பதிவு வேண்டும். பக்கத்துக் குளம் பதிவு பெற்றதா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

ஐ.ஆர்.ஆர். ஏமாற்றும் இன்னொரு இடம், இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் வைக்கும்போது. முகத்துவாரம் மண் மேடிட்டு அடைபடுவது பழவேற்காட்டின் தீராத வியாதி. ஒரு கோடியில் மண் அள்ளினால் அடுத்த ஆண்டுக்குள் ஒன்றரைக் கோடி பயன் என்று கொள்வோம்: 50 சதவீதம். 20 கோடியில் இருபுறமும் கல் சுவர் கட்டினால் ஆண்டுக்கு 5 கோடி வீதம் பத்தாண்டு பயன்: 21 சதவீதத்துக்குச் சற்று மேல். விகிதத்தை மட்டும் பார்ப்பவர் மண் அள்ளச் சொல்வார். 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பைப் பார்த்தால் ஒரு முறை அள்ளுவதில் மிஞ்சுவது சுமார் 34 லட்சம். பத்தாண்டும் விடாமல் அள்ளினாலும் 2 கோடிக்குச் சற்று மேல். சுவரில் மிஞ்சுவது 8 கோடிக்கு மேல். ஐ.ஆர்.ஆர். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், எத்தனை ரூபாய்க்கு என்று சொல்லாது. (சுவரால் வடக்கே கரை அரிக்குமா என்பது வேறு கேள்வி. அரித்தால் அந்தச் செலவும் கணக்கில் ஏற வேண்டும், அப்போது சுவரே தோற்கவும் கூடும்.)

ஆகவே யாராவது சதவீதம் சொன்னால் ஆண்டு வாரியாக வரவு செலவுப் பட்டியலைக் கேளுங்கள். கடைசி ஆண்டுகளில் மூடுவதற்கும் சீராக்குவதற்கும் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி வட்டியில் நிகர நிகழ்கால மதிப்பு எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். பதில் சதவீதத்திலேயே திரும்பி வந்தால் சந்தேகப்பட வேண்டும். கிராமத்துச் சங்கம் சேர்ந்து பணம் போடும் திட்டமென்றால், பட்டியல் கைக்கு வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

துறைமுகம், மின்நிலையம் போன்ற பெரிய திட்டமென்றால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்கமும் தர வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021இலும் 2023இலும் அறிவித்துத் தள்ளிவைத்தது இந்தக் கூட்டத்தைத்தான். மதிப்பீட்டு அறிக்கையில் ‘சுற்றுச்சூழல் செலவு பயன் ஆய்வு’ என்று ஓர் அத்தியாயத்துக்கு இடம் உண்டு. ஆனால் ஆய்வின் எல்லையைத் தீர்மானிக்கும் தொடக்கக் கட்டத்திலேயே நிபுணர் குழு பரிந்துரைத்திருந்தால் மட்டுமே அது கட்டாயம். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த அத்தியாயம் இல்லையென்றால் ஏன் இல்லை என்பதைக் கருத்துக் கேட்பில் எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை நீட்டிப்பு கிடைக்கும். அரசுத் திட்டத்தின் வரவு செலவுப் பட்டியல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். வணிக ரகசியம் என்று மறுத்தால் 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பொது நலன் பெரிதென்றால் ரகசியமானாலும் தரலாம் என்று அந்த விலக்குப் பிரிவிலேயே இருக்கிறது, அதை மனுவில் எடுத்துக் காட்டுங்கள்.