உறங்கும் வங்கிக் கணக்கும் அதனை மீண்டும் இயக்கும் முறையும்

2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கைக்கான உரமானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம் கமக்காரரின் வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பப்பட்டது. இவ்வாறு அனுப்பப்படும் பணம் உரியவர் கையை அடைவதற்குக் கமநல சேவை நிலையப் பதிவு மாத்திரம் போதாது. அப்பதிவிற் குறிக்கப்பட்ட கணக்கு உயிருள்ளதாயும் இருத்தல் வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடப்படாத கணக்கை வங்கி தடுத்து வைத்துவிடும். அது ஏன், அதனை அறிவது எங்ஙனம், மீண்டும் இயக்குவதற்கு யாது செய்தல் வேண்டும் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

வவுனியா மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். 2016 ஆம் ஆண்டில் உரமானியம் பணமாக வழங்கப்பட்டபோது, அதன்பொருட்டே அவர் ஒரு சேமிப்புக் கணக்கை ஆரம்பித்தார். 2018 இல் மானிய விலையில் உரத்தையே வழங்கும் முறை வந்தது. அவ்வாண்டு தை மாதத்தில் இருந்த பணத்தை எடுத்தபின், 640 ரூபா மீதியுடன் புத்தகத்தைப் பெட்டியில் வைத்தவர், பின்னர் வங்கிப் பக்கம் செல்லவில்லை. அவருக்கு அதனால் நட்டம் ஒன்றும் தோன்றவுமில்லை. 2024 வரை அக்கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

வங்கியோ நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. கணக்குக்குரியவர் பணம் இடுதலும் எடுத்தலும் போன்ற, அவர் தாமே செய்யும் கருமங்களையே வங்கி கணக்கின் இயக்கமாகக் கொள்ளும். மாதந்தோறும் சேரும் வட்டியும், வங்கி கழித்துக்கொள்ளும் கட்டணமும் இயக்கமாகா. “வட்டி விழுகின்றது, ஆகவே கணக்கு நடக்கின்றது” என்று கருதுவோர் பலர், அது தவறு. பிறர் அனுப்பும் பணத்தை இயக்கமாகக் கொள்வதா என்பதில் வங்கிகளின் விதிகள் ஒன்றுபோல் இல்லாமையால், அதனையும் நம்பியிருத்தல் ஆகாது. எத்தனை காலத்தின் பின் கணக்கு உறங்குநிலைக்கு மாற்றப்படும் என்பதும் வங்கிக்கு வங்கி வேறுபடும்; சேமிப்புக் கணக்குகளுக்கு ஓராண்டு அல்லது ஈராண்டு என்பது பெருவழக்கு. ஈராண்டு விதியுள்ள வங்கியாயின், நமது கமக்காரரின் கணக்கு 2020 தை மாதத்திலேயே உறங்கிவிட்டது.

இதனைத் தண்டனையென எண்ணுதல் வேண்டா. நெடுங்காலம் எவரும் பாராத கணக்கே களவுக்கு இலகுவானது. அதிலிருந்து கள்ளக் கையொப்பத்தினாற் பணம் எடுக்கப்பட்டால், உரியவர் அதனை ஆண்டுக்கணக்கில் அறியார்; வெளியார் மட்டுமன்றி வங்கிக்குள் இருப்போரும் இவ்வாறான கணக்குகளிற் கைவைப்பதுண்டு. ஆதலாலேயே வங்கிகள் அவற்றைப் புறம்பாக வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட உத்தியோகத்தரின் அனுமதியின்றித் திறக்க விடுவதில்லை. உரியவர் இறந்திருக்கலாம், வெளிநாடு சென்றிருக்கலாம், கையொப்பம் மாறியிருக்கலாம். மேலும், 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடற் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளர் யார், எங்கு வசிக்கின்றார், பணம் எவ்வழி வருகின்றது என்பவற்றை வங்கி அறிந்திருத்தல் வேண்டும். பழைய விலாசத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு அது அக்கடமையைச் செய்ய இயலாது.

கணக்கின் நிலையை அறிய மிகச் சிறந்த வழி புத்தகத்தையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டு கிளைக்கு நேரிற் செல்வதேயாம். புத்தகத்தைப் பதிவு செய்வித்து, கடைசியாகத் தாம் பணம் எடுத்த அல்லது இட்ட திகதியைப் பார்த்தல் வேண்டும். பின்னர், “கணக்கு இயக்கத்தில் உள்ளதா, டோர்மன்ட் ஆகியுள்ளதா, மூடப்பட்டுள்ளதா?” எனத் தெளிவாகக் கேட்டல் நன்று. இம்மூன்றும் வெவ்வேறானவை. உறங்கும் கணக்கைத் திறக்கலாம்; கட்டணங்களால் மீதி தீர்ந்து மூடப்பட்ட கணக்கிற்குப் பதிலாகப் பெரும்பாலும் புதியதொன்றையே ஆரம்பிக்க நேரும்.

சிலர் 100 ரூபாவை இட்டுப் பார்த்து, வங்கி ஏற்றுக்கொண்டதனாற் கணக்குச் சரியென முடிவு செய்வர். இச்சோதனை போதாது. சில வங்கிகள் உறங்கும் கணக்கிலும் பணத்தை ஏற்று, எடுப்பதை மாத்திரம் தடுக்கும். வேறு சில, வெளியிலிருந்து வரும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பண இயந்திரம் அட்டையை மறுப்பதும் சான்றாகாது. அட்டையின் காலம் முடிந்திருந்தாலும் அது மறுக்கும். தொலைபேசியில் விசாரிப்பதாயின், வங்கிப் புத்தகத்தில் அச்சிடப்பட்ட இலக்கத்திற்குத் தாமே பேசுதல் வேண்டும். “உமது கணக்கு முடக்கப்பட்டது, இரகசிய இலக்கத்தைக் கூறும்” என்று பிறர் அழைப்பின் அது மோசடியென அறிக. கணக்கைத் திறப்பதற்கு எந்த வங்கிக்கும் அவ்விலக்கம் தேவையில்லை.

இனி, நமது கமக்காரர் செய்யவேண்டியது. அவர் கணக்குள்ள கிளைக்கே முதலிற் செல்வது நன்று. மாதிரிக் கையொப்பம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அடையாள அட்டையின் மூலத்தையும் பிரதியையும், விலாசம் மாறியிருப்பின் மின்சாரப் பட்டியல் அல்லது கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சிப் பத்திரத்தையும் கொண்டு செல்லல் வேண்டும். அங்கு கணக்கை மீள இயக்குமாறு கோரும் படிவம் ஒன்றும், தொழில், வருமானம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்கும் படிவம் ஒன்றும் தரப்படும். கையொப்பம் பழையதற்கு ஒவ்வாதிருப்பின் புதிதாகப் பதிவு செய்விக்கலாம். கையொப்பமிட இயலாதவர் பெருவிரல் அடையாளம் இடலாம். இவை ஏற்கப்பட்டபின் அன்றே ஒரு சிறு தொகையை இட்டு, மற்றொரு சிறு தொகையை எடுத்தல் வேண்டும். எடுக்க முடிந்தால் தடை நீங்கியது என்பது உறுதி.

பெரும்பாலும் இடர் நேர்வது பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலுமே. கணக்கு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையிலும், கமநல சேவை நிலையப் பதிவு பன்னிரண்டு இலக்கம் கொண்ட புதிய அட்டையிலும் இருக்கலாம். அவ்வாறாயின் வங்கியிற் புதிய இலக்கத்தைப் பதிவு செய்வித்து, புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியைக் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுத்து, பட்டியலிலுள்ள கணக்கு இலக்கத்தை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். விவாகத்தினாற் பெயர் மாறிய பெண்கள் விவாகப் பதிவுச் சான்றிதழையும் கொண்டு செல்வாராக. கூட்டுக் கணக்காயின் மற்றவரும் வரவேண்டியிருக்கலாம். உரியவர் இறந்திருப்பின் இம்முறை பொருந்தாது. பின்னுரித்தாளர் அல்லது உரிமையாளர் வேறு பத்திரங்களுடன் கோருதல் வேண்டும்.

இரண்டு ஏக்கர் என்பது ஏறத்தாழ 0.8 ஹெக்டேயர்; மேற்கூறிய வீதப்படி அவருக்குரியது ஏறக்குறைய 20,000 ரூபா. பட்டியல் அனுப்பப்பட்டபின் கணக்கைத் திறந்தால், திரும்பிய பணத்தை மீண்டும் அனுப்புவிக்க இரண்டு அலுவலகங்களுக்கு அலைய நேரிடும். ஆகவே போகத்திற்குரிய பதிவு நடைபெறும் காலத்திலேயே இவ்வேலையை முடித்தல் வேண்டும்.

பத்து ஆண்டுகள் எவ்வித இயக்கமும் இன்றிக் கிடக்கும் பணத்திற்கு வேறொரு விதியும் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின்படி அது கைவிடப்பட்ட சொத்தாகக் கொள்ளப்பட்டு, இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அப்போதும் உரிமை அழிவதில்லை. உரியவர் தமது வங்கியின் ஊடாகவே கோரிப் பெறலாம், ஆயினும் பத்திரங்களும் காத்திருப்பும் மிகும். நமது கமக்காரர் கணக்கைத் தொடாமலே விட்டிருந்தால், அவருடைய 640 ரூபாவும் அதன் வட்டியும் இந்நிலையை 2028 தை மாதத்தில் அடையும்.