"ஃப்ளோ இல்ல"ன்னு சொன்னா அவங்க என்னதான் பண்ணுவாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு என் தப்பு ஒண்ணுல இருந்தே ஆரம்பிக்கிறேன். காலேஜ்ல என் கிளாஸ்மேட் ஒருத்தி கட்டுரை டிராஃப்ட்டை அனுப்பி, "படிச்சுட்டு சொல்லுடா"ன்னு கேட்டா. 2015 சென்னை வெள்ளமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும்தான் தலைப்பு. நான் உட்கார்ந்து 31 கமெண்ட் போட்டேன். இங்க ஒற்று வரும், அங்க வராது, இந்த வரி போர், மூணாவது பத்தியில ஃப்ளோ இல்ல... இப்படி.

அவ ஒற்றுப் பிழையை மட்டும் திருத்திட்டு சப்மிட் பண்ணிட்டா. "வாதம் புரியவில்லை"ன்னு எழுதி மேடம் திருப்பிக் கொடுத்தாங்க. உண்மையைச் சொன்னா, அந்த ஓட்டை எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா அதுக்கு நான் கொடுத்தது "ஃப்ளோ இல்ல"ங்கிற ரெண்டே வார்த்தை. அதை வச்சு யாராலயும் எதையும் திருத்த முடியாது.

இப்போ அதே டிராஃப்ட் வந்தா எப்படிப் படிப்பேன்னு சொல்றேன்.

முதல் தடவை பேனா வேண்டாம்

முழுசா ஒரு தடவை சும்மா படிக்கணும். முடிச்சதும் கட்டுரையைப் பார்க்காம, "இது என்ன சொல்லுது?"ன்னு ஒரே வரி எழுதணும். அன்னைக்கு எழுதியிருந்தா, "2015-ல வெள்ளம் வந்தது, பள்ளிக்கரணையும் முக்கியம்"னு எழுதியிருப்பேன். அவ சொல்ல நினைச்சது வேற: சதுப்பு நிலம் சுருங்கினதும் வெள்ளம் மோசமானதுக்கு ஒரு காரணம். இந்த ரெண்டு வரிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் அவளுக்கு உண்மையில தேவைப்பட்ட தகவல். எழுதினவங்களுக்கு அது தெரியாது. அவங்க மனசுல இருக்கிற இணைப்பு பேப்பர்லயும் இருக்கிற மாதிரிதான் அவங்களுக்குத் தோணும். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-ல வெளியான தன் புத்தகத்துல இதைத்தான் வலியுறுத்தினார்: தீர்ப்பு சொல்றதை விட, படிக்கும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்லுங்க.

ஒரு கமெண்ட்டுக்குள்ள மூணு விஷயம்

எந்த இடம், அங்க எனக்கு என்ன ஆச்சு, அடுத்து என்ன பண்ணலாம். இந்த மூணும் இருந்தா அந்த கமெண்ட் உபயோகப்படும். "ஃப்ளோ இல்ல"வை இப்படி மாத்தலாம்:

"மூணாவது பத்தியில முதல் வரி ஏரி ஆக்கிரமிப்பு, ரெண்டாவது வரி பள்ளிக்கரணை. நடுவுல நான் தொலைஞ்சுட்டேன், ஏன்னா சதுப்பு நிலம் மழைத் தண்ணியை என்ன பண்ணுதுன்னு இன்னும் நீ சொல்லலை. தண்ணி எங்க இருந்து உள்ள வருது, எந்த வழியா வெளிய போகுதுன்னு ரெண்டு வரி சேர்த்தா இணைப்பு கிடைக்குமா?"

கவனிங்க, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குத் தண்ணி போறதை நானே எழுதிக் கொடுக்கலை. எழுதிக் கொடுத்தா அது என் கட்டுரை ஆயிடும். எங்க தேடணும்னு காட்டினா போதும்.

பாராட்டும் அதே மாதிரிதான்

"நல்லா இருக்கு"ன்னு சொன்னா சந்தோஷமா இருக்கும், ஆனா எது நல்லா இருக்குன்னு தெரியாம அடுத்த டிராஃப்ட்ல அதையே அழிச்சுடலாம். அவ முதல் பத்தியில வேளச்சேரி வீட்டுல ஃப்ரிட்ஜ் மிதக்கிற ஒரு வரி இருந்தது. "எத்தனை அடின்னு எண் சொல்லாமலே தண்ணியோட உயரம் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. இதை எடுத்துடாத"ன்னு நான் சொல்லியிருக்கணும். இது ஐஸ் வைக்கிறது இல்ல, எதைக் காப்பாத்தணும்னு சொல்ற தகவல்.

எதை விடணும்?

31 கமெண்ட்டை மூணாக் குறைங்க. நிறைய இருந்தா ஆளு சுலபமானதைத்தான் முதல்ல திருத்துவாங்க. அவ ஒற்றைத் திருத்தினது அதனாலதான். அதுவும் அந்தப் பத்தியையே மாத்தி எழுதப் போறாங்கன்னா, அதுல ஒற்று பார்க்கிறது வீண். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தா ஒரு இடத்துல மட்டும் காட்டி, "மத்த இடத்துலயும் பாரு"ன்னு சொல்லுங்க. நாளைக்குக் காலையில சப்மிஷன்னா மட்டும் கதை வேற. அப்போ புதுசா ஆராய்ச்சி பண்ணச் சொல்லாதீங்க, ராத்திரிக்குள்ள முடிக்கக்கூடிய ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்லுங்க.

கடைசியா ஒரு சோதனை. சொல்லி முடிச்சதும், "சரி, முதல்ல எதை மாத்தப் போற?"ன்னு கேளுங்க. "மூணாவது பத்தியில தண்ணி போற வழியைச் சேர்க்கப் போறேன்"னு பதில் வந்தா, நீங்க சொன்னது போய்ச் சேர்ந்துடுச்சு. வெறும் "தேங்க்ஸ்டா" மட்டும் வந்தா, இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. எனக்கு அன்னைக்கு வந்தது அந்த "தேங்க்ஸ்டா"தான்.